வாங்குவோருக்கு உறுதி, சுமப்போருக்குச் சிறகு: யப்பானியப் பாடசாலைப் பை விளம்பரத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பாடசாலைப் பையை விலைகொடுத்து வாங்குபவர் அதனைச் சுமப்பதில்லை. சுமப்பவர் அதற்கு விலை கொடுப்பதில்லை. இந்த எளிய உண்மையே பாடசாலைப் பை விளம்பரத்தை ஏனைய நுகர்பொருள் விளம்பரங்களிலிருந்து வேறுபடுத்துகின்றது. ஒரே பக்கத்தில், ஒரே படத்தின் கீழ், அது இருவரோடு பேச வேண்டியுள்ளது. பெற்றோரிடம் தையலின் உறுதியையும் நீடித்துழைக்கும் தன்மையையும் எடுத்துரைக்கின்றது. பிள்ளையிடம் நிறத்தையும் மினுமினுப்பையும் விளையாட்டையும் காட்டுகின்றது. இவ்விரு பேச்சுகளும் ஒன்றையொன்று நிரப்புவன போல் தோன்றினும், அவற்றுக்கிடையே ஆழ்ந்த முரண்பாடொன்று உண்டு. அம்முரண்பாட்டின் வரலாற்றுத் தோற்றத்தை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானிய ஆரம்பப் பாடசாலை மாணவர் முதுகிற் சுமக்கும் 'ரண்டோசெரு' என்னும் பெட்டி வடிவப் பையே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் உதாரணமாகும். இதனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஏனைய நாடுகளிற் பாடசாலைப் பை ஓரிரு ஆண்டுகளில் மாற்றப்படும் பொருள். யப்பானிலோ அது முதலாம் வகுப்பில் ஒருமுறை வாங்கப்பட்டு ஆறாம் வகுப்பு முடியும்வரை பயன்படுத்தப்படும் என்பது எதிர்பார்ப்பு. ஆகவே உறுதி பற்றிய வாக்குறுதியும் குதூகலம் பற்றிய வாக்குறுதியும் அங்கு மிகக் கூர்மையான வடிவிற் சந்திக்கின்றன.

1. பையின் தோற்றம்

'ரண்டோசெரு' என்ற சொல் முதுகுப்பையைக் குறிக்கும் 'ரன்செல்' என்ற ஒல்லாந்தச் சொல்லின் திரிபாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மேனாட்டு முறையிற் படைகளை அமைக்க முற்பட்ட வேளையிற் போர்வீரரின் முதுகுப்பையாகவே இப்பொருள் யப்பானுக்கு வந்தது. பாடசாலைக்குள் அது நுழைந்த வரலாறு சுவையானது. டோக்கியோவில் பிரபுக்குலப் பிள்ளைகளுக்கென 1877இல் நிறுவப்பட்ட கக்குஷுயின் பாடசாலை, 1885இல் மாணவர் குதிரைவண்டியிலும் ரிக்சோவிலும் வருவதைத் தடைசெய்தது. பணியாள் புத்தகங்களைச் சுமந்துவர, பிள்ளை வெறுங்கையுடன் நடந்துவரும் வழக்கமும் அத்துடன் முடிவுக்கு வந்தது. பாடசாலைக்குள் அனைவரும் சமம். தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 1887இல் முடிக்குரிய இளவரசர் அங்கு சேர்ந்தபோது பிரதமர் இத்தோ ஹிரோபுமி தோலாலான பெட்டி வடிவப் பையொன்றை அன்பளிப்புச் செய்தார். இன்றைய வடிவத்தின் மூலம் இதுவெனக் கொள்ளப்படுகின்றது.

சமத்துவத்தின் சின்னமாகத் தோன்றிய இப்பை, ஆரம்பத்திலேயே ஒரு முரண்பாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கிடையே அது சமத்துவத்தைக் காட்டியது. நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிடுகையில் அதுவே உயர்வின் அடையாளமாயிற்று. கிராமப்புறப் பிள்ளைகள் புத்தகங்களைத் துணியில் முடிந்தோ துணிப்பையிலிட்டோ கொண்டு சென்றனர். போர்க்காலத்தில் தோல் படைத்துறைக்கென ஒதுக்கப்பட்டபோது, மூங்கிலாலும் இத்தகைய பைகள் செய்யப்பட்டன. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உறுதியான பொருள் கிடைக்காத காலத்திலும் பெட்டி வடிவம் கைவிடப்படவில்லை. வடிவமே மதிப்பைத் தாங்கி நின்றது. உறுதி பற்றிய பேச்சு பின்னரே வந்து சேர்ந்தது.

2. உறுதி விற்பனைப் பேச்சான விதம்

இப்பை நாடெங்கும் பரவியது 1950களின் நடுப்பகுதியின் பின்னராகும். பொருளாதார வளர்ச்சியின் அந்த ஆண்டுகளில், பிள்ளைக்குத் தோற்பை வாங்கிக் கொடுத்தல் குடும்பம் நிமிர்ந்துவிட்டது என்பதன் அடையாளமாயிற்று. ஆனால் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எளிதானதன்று. அவ்விலைக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. 1907ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பக் கல்வி ஆறாண்டுகளாக இருந்து வந்தமை அந்நியாயத்தைத் தந்தது. மொத்த விலையை ஆறால் வகுத்துப் பார்க்கும் கணக்கு, பெற்றோருக்கான விளம்பரத்தின் அடிப்படைக் கணக்காயிற்று. 'விலை அதிகம்' என்ற தயக்கத்துக்கு 'ஆறாண்டு உழைக்கும்' என்பதே விடை.

1964இல் குராரே நிறுவனம் 'கிளரினோ' என்ற செயற்கைத் தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து அது பாடசாலைப் பைகளிற் பயன்படலாயிற்று. இயற்கைத் தோலைவிட இலேசானது, மழையில் நனைந்தாற் கெடாதது, ஈரத்துணியால் துடைத்தாற் போதுமானது. இன்று விற்பனையாகும் பைகளிற் பெரும்பான்மை செயற்கைத் தோலாலானவையே. இந்த மாற்றம் விளம்பரத்தின் மொழியையும் மாற்றியது. இயற்கைத் தோலின் உறுதியைப் பெற்றோர் தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் அறிந்தனர். அது பரம்பரை அறிவு. ஆலையில் உருவான புதிய பொருளின் உறுதியை அவ்வாறு அறிய முடியாது. எனவே விளம்பரம் சான்று காட்ட வேண்டியதாயிற்று. பையின் குறுக்குவெட்டுப் படம், பாரமேற்றிச் செய்யும் பரிசோதனை, மடித்து விரிக்கும் இயந்திரத்தின் படம் என்பன பெற்றோருக்கான பக்கங்களில் இடம்பெறலாயின. பையின் உறுதி இவ்வாறு ஆய்வுகூடத்தின் மொழியைப் பெற்றது.

இச்சான்றுகளின் உச்சம் 'ஆறாண்டு உத்தரவாதம்' ஆகும். இன்று முன்னணி உற்பத்தியாளர் பலரும் இதனை வழங்குகின்றனர். இதன் உள்ளடக்கத்தைச் சற்று நுணுகி நோக்குதல் பயனுடையது. வழமையான பாவனையில் தையல் விட்டாலோ, பூட்டு இயங்காவிட்டாலோ, தோட்பட்டியைத் தாங்கும் உலோகம் உடைந்தாலோ திருத்திக் கொடுப்பதே உத்தரவாதம். திருத்தும் நாட்களில் மாற்றுப் பையொன்றை இரவல் கொடுக்கும் நிறுவனங்களும் உள. கீறல், அழுக்கு, நிறமங்கல் போன்றன பொதுவாக இதனுள் அடங்குவதில்லை. அதாவது பையின் தொழிற்பாட்டுக்கே உத்தரவாதம் உண்டு, தோற்றத்துக்கு இல்லை. பிள்ளையிடம் விற்கப்பட்டதோ அந்தத் தோற்றமே.

உறுதி பற்றிய பேச்சுக்கு வேறோர் எல்லையும் உண்டு. பையின் பக்கவாட்டில் உணவுப் பையையோ சிறு பொருள்களையோ கொழுவுவதற்கு ஒரு கொளுக்கி இருக்கும். அதிற் கொழுவிய பொருள் ஊர்தியொன்றில் சிக்குமாயின் பிள்ளை இழுபட நேரும். ஆதலால் இக்கொளுக்கி, பலமாக இழுக்கப்பட்டதும் கழன்றுவிடும் வகையிற் பல பைகளில் அமைக்கப்படுகின்றது. பை முழுவதும் உடையாதிருக்கவும் இந்த ஓருறுப்பு மட்டும் தக்க தருணத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பெற்றோருக்கு உண்மையிற் பயன்தரும் அறிவு இதுவே. ஆயினும் விட்டுக்கொடுக்கும் உறுப்பை, 'உடையாது' என்று முழங்கும் தலைப்பில் வைக்க முடியாது. எனவே அது சிறு எழுத்திலேயே இடம்பெறுகின்றது.

3. நிறத்தின் வருகை

போருக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் ஆண்பிள்ளைக்குக் கறுப்பு, பெண்பிள்ளைக்குச் சிவப்பு என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. சில விதிவிலக்குகள் இருந்தபோதிலும், கடைகளில் நிறைந்திருந்தவை இவ்விரு நிறங்களே. தெரிவு என்று ஒன்றில்லாத இடத்திற் பிள்ளையோடு பேச வேண்டிய தேவை விளம்பரத்துக்கு இல்லை. பெற்றோர் தரத்தையும் விலையையும் ஒப்பிட்டு வாங்கினர், பிள்ளை பெற்றுக்கொண்டது.

2001இல் பெருங்கடை நிறுவனமான இயோன் 24 நிறங்களிற் பைகளை விற்பனைக்கு வைத்தமை இந்நிலையை மாற்றிய நிகழ்வுகளுள் முதன்மையானது. இதன் பொருளாதாரப் பின்னணியை மறத்தலாகாது. பிறப்பு வீதம் வீழ்ந்துகொண்டிருந்தது. 1973இல் இருபது இலட்சத்தைக் கடந்திருந்த ஆண்டுப் பிறப்பு, 2022இல் எட்டு இலட்சத்துக்கும் கீழே சென்றது. ஆறாண்டுக்கு ஒருமுறை மட்டுமே வாங்கப்படும் பொருளை, ஆண்டுதோறும் குறைந்துவரும் பிள்ளைகளுக்கு விற்கும் தொழில் எவ்வாறு நிலைபெறும்? எண்ணிக்கையாற் பெருக்க முடியாததை விலையாற் பெருக்குவதே ஒரு வழி. அண்மைய ஆண்டுகளிற் சராசரி விலை 60,000 யெனை ஒட்டி நிற்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அது ஏறத்தாழ இதன் பாதியாக இருந்தது. ஒரு பேரப்பிள்ளைக்கு இரு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரும் செலவு செய்ய முன்வரும் குடும்ப அமைப்பு இவ்விலையைத் தாங்கியது. இங்குதான் பிள்ளையின் விருப்பம் சந்தைக்குத் தேவையாயிற்று. முதியோரின் பணப்பையைத் திறக்கும் திறவுகோல் பேரப்பிள்ளையின் 'இதுதான் வேண்டும்' என்ற சொல்லே.

நிறப்பெருக்கம் விடுதலையின் குரலில் அறிமுகமாயிற்று. பிள்ளை தனக்கு விருப்பமானதைத் தானே தெரிவுசெய்யலாம் என்பது முற்போக்கான கருத்தே. ஆனால் விளம்பரக் கையேடுகளைப் புரட்டினால், ஆண்பிள்ளைக்கான பக்கங்களில் கருமையும் கடும்நீலமும் கூரிய தையற்கோலங்களும், பெண்பிள்ளைக்கான பக்கங்களில் ஊதாவும் இளஞ்சிவப்பும் இதய வடிவங்களும் முடிப்பூக்களும் நிற்பதைக் காணலாம். தொழிற்றுறையின் கணக்கெடுப்புகளின்படி ஆண்பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் கறுப்பையே பெறுகின்றனர். பெண்பிள்ளைகளிடையே ஊதா வகை முதலிடத்துக்கு வந்துள்ளது. இரண்டு நிறங்கள் இருந்த இடத்தில் இரண்டு நிறக்குடும்பங்கள் வந்தன. வேலியின் இருபுறமும் தோட்டம் விரிந்தது. வேலி அங்கேயே நின்றது.

இத்துணை கவனத்துடன் தெரியப்படும் நிறம் முதலாம் ஆண்டிற் பல இடங்களிற் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. வீதிப் பாதுகாப்புக் கருதி முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் பைமீது மஞ்சள் உறையிடும் வழக்கம் பல நகரங்களில் உண்டு. ஊர்தி ஓட்டுநருக்கு மஞ்சள் தெரியவேண்டும் என்பதே அங்கு முதன்மை பெறுகின்றது. விளம்பரப் படங்களிற் பிள்ளைகள் இவ்வுறையின்றியே காட்சி தருகின்றனர்.

4. ஒரு சிறகின் கதை

இருவரோடும் ஒரே வேளையிற் பேசும் கலையின் நிறைவான உதாரணம் செய்பான் நிறுவனத்தின் 'தெஞ்சி நோ ஹனே' என்ற பையாகும். 'தேவதையின் சிறகு' என்பது இப்பெயரின் பொருள். தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஹியோகோ மாவட்டத்தின் தட்சுனோ நகரைத் தளமாகக் கொண்ட இந்நிறுவனம், 2003இல் இதனை வெளியிட்டது.

பையின் அமைப்பைப் பார்ப்போம். சாதாரணப் பைகளில் தோட்பட்டி, பையின் மேல்விளிம்பிற் பொருத்தப்பட்ட இடத்திலிருந்து தளர்ந்து கீழ்நோக்கி விழும். அவ்வாறு விழுகையிற் பட்டிக்கும் தோளுக்குமிடையே இடைவெளி உண்டாகி, பை முதுகிலிருந்து விலகிப் பின்னோக்கிச் சாயும். பாரம் உடலிலிருந்து விலக விலக, அதனைச் சமப்படுத்தப் பிள்ளை முன்னோக்கிக் குனிய நேரும். செய்பான் நிறுவனம் பட்டிகளின் அடிப்பகுதியினுள் சிறகு வடிவிலான வெண்ணிறச் செயற்கைப் பிசின் துண்டொன்றை வைத்தது. இது பட்டியின் தொடக்கத்தை மேல்நோக்கி நிமிர்த்தி நிறுத்துகின்றது. பை முதுகோடு ஒட்டியும் சற்று உயர்ந்தும் நிற்கின்றது. பாரம் தோளின் ஓரிடத்தில் அழுந்தாது பரவுகின்றது. இது பொய்யன்று. முதுகோடு ஒட்டிய பாரம் விலகிய பாரத்தைவிட எளிதாகச் சுமக்கப்படும் என்பது பாரம் சுமந்த எவரும் அறிந்ததே.

விளம்பரக் கலையின் திறம் இந்தத் துண்டுக்கு இட்ட பெயரிலே உள்ளது. பெற்றோருக்கு அது பொறியியல். குறுக்குவெட்டுப் படத்தில் அம்புக்குறிகளோடு விளக்கப்படுகின்றது. பிள்ளைக்கோ அது சிறகு. தன் முதுகில் முளைக்கப்போகும் சிறகு. தொலைக்காட்சி விளம்பரத்திற் பொருளின் பெயரைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் குறும்பாட்டு, வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையின் நாவிலும் அப்பெயரைப் பதித்தது. பட்டியினுள் மறைந்திருப்பதாற் பாவனையில் எவர் கண்ணுக்கும் தெரியாத ஓர் உறுப்பு, இவ்வாறு பையின் முகமாயிற்று. பெற்றோர் பக்கமும் பிள்ளை பக்கமும் எனப் பிரிந்திருந்த பேச்சு ஒரே சொல்லில் இணைந்தது.

தோயாமா மாவட்டத்தின் ஹஷிமோட்டோ நிறுவனம் தன் பைக்கு 'பிற்-சான்' எனப் பெயரிட்டமையும் இவ்வகையினதே. உடலோடு பொருந்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பெற்றோருக்கான தொழில்நுட்ப வாக்குறுதி. சிறுவரை அன்புடன் விளிக்கும் 'சான்' என்ற விகுதி பிள்ளைக்கானது. பை ஒரு தோழியாகிவிடுகின்றது.

ஆனால் சிறகு எதனைச் செய்யவில்லை என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். செயற்கைத் தோற் பையொன்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிறாம். பாடநூல்கள், பயிற்சிப் புத்தகங்கள், எழுதுகருவிகள், தண்ணீர்க் குடுவை என்பன 3 கிலோகிறாம் என வைத்துக்கொள்வோம். முதுகில் ஏறுவது 4.2 கிலோகிறாம். முதலாம் வகுப்புப் பிள்ளையின் சராசரி நிறை ஏறத்தாழ 21 கிலோகிறாம். சுமை உடல்நிறையின் ஐந்திலொரு பங்கு. அறுபது கிலோகிறாம் நிறையுள்ள வளர்ந்தவர் ஒருவர் நாள்தோறும் 12 கிலோகிறாம் சுமந்து வேலைக்குச் சென்று மீள்வதற்கு இது ஒப்பாகும். சிறகு இந்தப் பாரத்தின் உணர்வை மாற்றுகின்றது, பாரத்தை மாற்றுவதில்லை. பாரத்தைத் தீர்மானிப்பது பாடத்திட்டமும் பாடநூலின் பருமனும், புத்தகங்களைப் பாடசாலையில் விட்டுவரலாமா என்ற விதியுமாகும். 2011இல் ஆரம்பப் பாடசாலைகளில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் உள்ளடக்கத்தைப் பெருக்கியது; பாடநூல்கள் தடித்தன. அக்காலத்தையொட்டிப் பைகளும் பெரிய தாளுறைகள் கொள்ளும் அளவுக்கு அகன்றன. விளம்பரம் இவ்வகற்சியை 'நிறையக் கொள்ளும்' எனப் பெற்றோருக்கு ஒரு சிறப்பாகவே எடுத்துக்கூறியது.

5. இரு வாக்குறுதிகளின் மோதல்

இனி முரண்பாட்டின் மையத்துக்கு வருவோம். யப்பானியக் கல்வியாண்டு ஏப்பிரலில் தொடங்குகின்றது. முன்னர் பாட்டன் பாட்டி வீட்டிற் குடும்பம் ஒன்றுகூடும் ஓகஸ்ற் மாதத்திலும் அதன் பின்னருமே பைகள் பெரிதும் வாங்கப்பட்டன. விரும்பிய நிறம் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பரவியதால், அண்மைக் காலத்தில் இது முந்திய ஆண்டின் மே மாத விடுமுறைக்காலத்துக்கே நகர்ந்துள்ளது. வேலைதேடும் படலத்தைக் குறிக்கும் சொல்லை ஒட்டி, பைதேடும் படலத்துக்கு 'ரன்கட்சு' என்ற பெயரும் வழக்கில் வந்துவிட்டது. கையேடுகளை வரவழைத்தல், காட்சிக்கூடங்களுக்குச் செல்லுதல், பிள்ளையின் முதுகிலே கொழுவிப் பார்த்தல், முன்பதிவு செய்தல் என அதற்குப் படிமுறைகளும் உள.

ஆகவே பையைத் தெரியும் வேளையிற் பிள்ளைக்கு ஐந்து வயது. அதனை இறுதியாகக் கழற்றும் வேளையில் பன்னிரண்டு. முதலாம் வகுப்பில் 116 சென்றிமீற்றர் அளவிலிருந்த உயரம் ஆறாம் வகுப்பில் 145ஐக் கடக்கின்றது. பட்டியிலுள்ள துளைகள் உடலின் வளர்ச்சியை ஓரளவு ஈடுசெய்யும். விருப்பத்தின் வளர்ச்சிக்குத் துளை கிடையாது. ஐந்து வயதில் மின்னும் கல்லும் இதயமும் பதித்த பையைக் கேட்ட பிள்ளை, பதினொரு வயதில் அதனைக் கண்டு கூசலாம். அப்போது அதனை மாற்றக் காரணம் ஏதும் இராது. ஏனெனிற் பை உடையவில்லை. பெற்றோர் விலைகொடுத்து வாங்கிய உறுதி, பிள்ளை தன் தெரிவை மாற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடுகின்றது. குதூகலம் ஒரு நாளிற் பேசப்படுகின்றது. உறுதி ஆறாண்டுக்குப் பிணைக்கின்றது.

உற்பத்தியாளர் இதனை அறியாதவரல்லர். பெற்றோருக்கான பக்கங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு கருத்து, 'மேல்வகுப்புக்குச் சென்ற பின்னரும் சலிக்காத அமைப்பு' என்பதாகும். இவ்வொரு வாக்கியமே முரண்பாட்டின் ஒப்புதல். பிள்ளை இன்று விரும்புவது நாளை சலிக்கும் என்பதைப் பெற்றோரின் காதிற் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்திற் பிள்ளையிடம் 'உனக்குப் பிடித்ததை எடு' என்று அதே கையேடு கூறுகின்றது. ஒருவரிடம் கூறியதை மற்றவர் கேளாதவாறு பார்த்துக்கொள்ளும் இத்தந்திரத்துக்குப் பிள்ளையின் எழுத்தறியாமை துணைபுரிகின்றது. ஐந்து வயதுப் பிள்ளை படத்தைப் பார்க்கின்றது. பெற்றோர் எழுத்தைப் படிக்கின்றனர்.

பையின் அமைப்பிலும் இதற்கொரு சமரசம் காணப்பட்டது. வெளிப்புறம் அமைதியான நிறத்தில் எளிமையாக இருக்கும். மூடியைத் திறந்தால் உட்புறத் துணியிற் பூவும் நட்சத்திரமும் நிறைந்திருக்கும். வெளிப்புறம் பெற்றோருக்கும் ஊருக்கும், உட்புறம் பிள்ளைக்கு. விளம்பரத்தின் இரட்டைப் பேச்சு பையின் உடலிலேயே தைக்கப்பட்டுவிட்டது எனலாம். பதினொரு வயதிற் பிள்ளை மூடியைத் திறக்கும்போது மட்டுமே கூச நேரும் என்பதால், கிடைக்கும் தீர்வுகளுள் இது ஓரளவு நேர்மையானதே.

6. விளம்பரத்துக்கு வெளியே ஒலித்த குரல்கள்

பிள்ளைகள் தாமாகப் பேசியபோது எதனைப் பேசினர் என்பது கவனத்துக்குரியது. பாரம் பற்றிய முறைப்பாடுகள் பெருகியதைத் தொடர்ந்து, 2018 செப்ரெம்பரில் யப்பானியக் கல்வி அமைச்சு, வீட்டில் தேவைப்படாத பாடநூல்களைப் பாடசாலையில் விட்டுவர இடமளிப்பது பற்றி ஆராயுமாறு கல்விச் சபைகளுக்கு அறிவித்தது. 2022இல் டொச்சிகி மாவட்டத்தின் நிக்கோ நகரப் பிள்ளைகள் சிலர், பல்கலைக்கழக மாணவரின் துணையோடு, பையைச் சில்லுகளில் இழுத்துச் செல்ல உதவும் கோல்களை ஆக்கினர். 'சம்போசெரு' எனப்பட்ட இக்கருவி செய்தியானதும், பிள்ளைகள் வலுவிழந்து விடுவர் என வளர்ந்தோர் பலர் கண்டித்தனர். 'அப்படியாயின் எங்கள் பையை நாள்தோறும் நீங்கள் சுமந்து பாருங்கள்' என்ற பொருள்படப் பிள்ளைகள் பதிலிறுத்தனர். விளம்பரம் பிள்ளைக்கென ஒதுக்கிய பேச்சுப்பொருள் நிறம். பிள்ளை தெரிந்துகொண்ட பேச்சுப்பொருள் பாரம்.

மாற்று வழிகளும் இருந்தன. கியோத்தோ மாவட்டத்தில் 1968இல், ஏழை பணக்காரர் வேறுபாடு பிள்ளையின் முதுகில் தெரியலாகாது என்ற எண்ணத்தில் 'ரன்ரிக்கு' என்ற மலிவான, இலேசான நைலோன் பை உருவாக்கப்பட்டது. சில பாடசாலைகள் அதனை இன்றும் பயன்படுத்துகின்றன. தோயாமா மாவட்டத்தின் தத்தேயாமா நகரசபை, மலையேறுவோர்க்கான பொருள்களை ஆக்கும் மொன்பெல் நிறுவனத்துடன் இணைந்து ஆக்கிய நைலோன் பையை, 2023இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கியது. அதன் நிறை ஒரு கிலோகிறாமுக்கும் குறைவு. இவ்விரு உதாரணங்களிலும் பையின் விளம்பரம் முக்கியத்துவம் இழந்துவிடுவதைக் காண்கின்றோம். வாங்குபவர் ஊராட்சியாகவோ பாடசாலைச் சமூகமாகவோ இருக்கும்போது, பெற்றோரின் அச்சத்தையும் பிள்ளையின் ஆசையையும் தனித்தனியே தூண்டவேண்டிய தேவை எழுவதில்லை.

எனினும் இவை பரவலாகவில்லை. அனைவரும் ரண்டோசெரு சுமக்கும் வகுப்பில் தம் பிள்ளை மட்டும் வேறொன்றைச் சுமப்பதைப் பெற்றோர் விரும்புவதில்லை. எந்தச் சட்டமும் இப்பையைக் கட்டாயமாக்கவில்லை. சட்டம் செய்யாததை வழக்கம் செய்கின்றது; அவ்வழக்கத்தை ஆண்டுதோறும் விளம்பரம் புதுப்பிக்கின்றது.

முடிவாகச் சில கருத்துகளைக் கூறலாம். உறுதி பற்றிய பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஆறாண்டின் பின்னரும் சிதையாத பைகள் 2004ஆம் ஆண்டிலிருந்து குராரே நிறுவனத்தின் திட்டமொன்றின் வழியாக ஆப்கானித்தான் பிள்ளைகளுக்கு அனுப்பப்பட்டு வந்தமை அதற்குச் சான்று. சிறகும் தன் அளவிற் பயனுடைய கண்டுபிடிப்பே. விமரிசனத்துக்குரியது பேச்சைப் பங்கிட்ட விதமாகும். காலம், செலவு, பாதுகாப்பு, பாரம் ஆகிய மெய்யான விடயங்கள் அனைத்தும் பெற்றோரின் பக்கத்தில் வைக்கப்பட்டன. நிறமும் கனவும் மட்டுமே பிள்ளைக்கு விடப்பட்டன. தெரிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு வழங்கப்பட்டதாகத் தோன்றினும், அத்தெரிவின் விளைவை அறியும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. 1885இல் பிரபுவின் பிள்ளையிடம் 'உன் சுமையை நீயே சுமந்து வா' எனப்பட்டது. அச்சொல்லில் இருந்த கடுமையோடு ஒரு வெளிப்படையும் இருந்தது. பின்வந்த விளம்பரம் கடுமையை நீக்கிச் சிறகைத் தந்தது; சுமை பற்றிய பேச்சையும் அத்துடன் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டது. நிக்கோ நகரப் பிள்ளைகள் திரும்பக் கேட்டது அந்தப் பேச்சையே.